விற்ற வண்டி, காலாவதியான இன்சூரன்ஸ், அப்பா பெயரில் சம்மன்

அப்பா தன் பழைய 110 சிசி பைக்கை 2021ல் தெரிந்த ஒருவருக்கு விற்றார். இருபது ரூபாய் பத்திரத்தில் டெலிவரி லெட்டர் எழுதி, ‘இன்று முதல் இந்த வண்டியால் வரும் எல்லாப் பொறுப்பும் வாங்கியவரையே சாரும்’ என்று ஒரு வரி சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அப்பா கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் ஆர்டிஓ அலுவலகம் பக்கம் போகவே இல்லை. ஆர்சி புத்தகம் அப்பா பெயரிலேயே கிடந்தது. 2022 தொடக்கத்தில் இன்சூரன்ஸ் முடிந்தது. அதையும் அவர் புதுப்பிக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், திருச்சி புறநகரில், வேலைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு கொத்தனார் மீது அந்த பைக் மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த இரண்டாவது அறுவை சிகிச்சையும் மருந்தும் அவர் குடும்பத்தின் தலையில் விழுந்தன. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் வந்தது காவல் நிலையத்திலிருந்து ஒரு போன். வண்டியைக் காலையில் யார் ஓட்டினார்கள் என்று கேட்டார்கள். பதிவில் உரிமையாளராக இருப்பவர் ஓட்டுநரின் விவரத்தைச் சொல்ல வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133வது பிரிவு. அப்பா டெலிவரி லெட்டரின் நகலை எடுத்துக்கொண்டு போய், வாங்கியவரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தார். அதன்படி முதல் தகவல் அறிக்கையில், வண்டியை ஓட்டிய வாங்கியவர் மட்டுமே குற்றம் சாட்டப்பட்டவர். அஜாக்கிரதையாக ஓட்டிக் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்காகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகளோடு, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்காக மோட்டார் வாகனச் சட்டம் 196ம் சேர்க்கப்பட்டது. நாங்கள் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த 196வது பிரிவைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அபராதம் மட்டும்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை என்றால் 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 4,000. வழியில் நிறுத்திப் பிடித்தாலும் இதேதான். வாங்கியவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அபராதத்தைக் கட்டிவிட்டு, ‘கேஸ் முடிஞ்சுது அண்ணே’ என்று அப்பாவுக்கு போன் செய்தார். முடிந்தது அரசுக்கும் அவருக்கும் இடையிலான பாதி மட்டும். அபராதத்தில் ஒரு பைசா கூட கால் முறிந்தவருக்குப் போவதில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த உத்தரவையே, கவனக்குறைவு யாருடையது என்பதற்குச் சான்றாக, கால் முறிந்தவர் தரப்பில் பிறகு இன்னொரு கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள்.

இடையில் வண்டியும் காவல் நிலைய வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், போதுமான பிணையம் கொடுக்காமல் அதை விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குள் பிணையம் வராவிட்டால் ஏலம் விட்டுத் தொகையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்பது 2018ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்ன ஏற்பாடு. வாங்கியவர் எங்கள் வீட்டுக்கு வந்து, ‘ஆர்சி உங்க பேர்ல இருக்கு, நீங்க மனுப் போட்டாத்தான் வண்டி கிடைக்கும்’ என்று கேட்டார். அப்பா இளகிவிட்டார். நான்தான் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். பிணையப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டால் அந்தத் தொகைக்கு அவரே பொறுப்பேற்பதாகும், வண்டியும் அவர் வசம் இருந்ததாகத் தோன்றும் என்றார் வக்கீல். போடவில்லை.

2023ல் சம்மன் வந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், எம்.சி.ஓ.பி. வழக்கு. முதல் எதிர்மனுதாரர் ஓட்டியவர், இரண்டாவது அப்பா, மூன்றாவது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ‘பாலிசி இருக்குதாம்பா!’

இருந்தது. விபத்து நடந்தது காலை எட்டு மணி வாக்கில். வாங்கியவர் அன்று மாலையே ஆன்லைனில் ஒரு பாலிசி எடுத்திருக்கிறார். அது தொடங்குவது மறுநாள் நள்ளிரவு 00:00 மணிக்கு. பாலிசியில் தொடங்கும் தேதி மட்டுமல்ல, மணியும் அச்சாகியிருக்கும். விபத்து அதற்கு ஒரு நிமிடம் முந்தியதாக இருந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை. கம்பெனியின் வக்கீல் பாலிசி நகலைத் தாக்கல் செய்தார், முதல் தகவல் அறிக்கையில் உள்ள நேரத்தைக் காட்டினார், அவ்வளவுதான்.

அப்புறம் எனக்கு இன்னொரு சந்தேகம். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் சொல்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அது நடைமுறையில் உண்டு. ஆனால் பாலிசி உயிரோடு இருந்து, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாதது போல ஏதாவது நிபந்தனை மீறப்பட்டிருந்தால்தான் அந்தப் பேச்சு. பாலிசியே இல்லாதபோது ‘முதலில் கொடுக்க’ யாரும் இல்லை. வாங்கியவர் கட்டாமல் விட்டது ஆண்டுக்கு 714 ரூபாய், வரியோடு 850க்குள் அடங்குவது, அந்த வருடத்தில் 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கான மூன்றாம் நபர் பிரீமியம்.

சரி, வண்டியை விற்றதற்கு டெலிவரி லெட்டர் இருக்கிறதே? எங்கள் வக்கீல் முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: அந்தக் காகிதம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் செல்லும், காயம்பட்டவரை அது கட்டுப்படுத்தாது. சட்டத்தின் கண்ணில் ‘உரிமையாளர்’ என்பவர் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருக்கலாம், அடிபட்டவர் அந்தத் தடத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். கேட்கும்போது அப்பாவுக்குக் கசந்தது. ஆனால் அந்தக் கொத்தனாரின் இடத்தில் நின்று பார்த்தால் மறுத்துச் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு சொல்கிறது. படிவம் 29 அதற்காகத்தான். அதை வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம்.

வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள், அதாவது எங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மனுதாரர் சொல்லும் சம்பளம், சொல்லும் ஊனம் எல்லாம் கேள்வியில்லாமல் நிற்கும். நாங்கள் பதில் மனு போட்டோம். அதனால் பொறுப்பிலிருந்து தப்பவில்லை, தொகை மட்டும் குறைந்தது.

தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மருத்துவ வாரியம் கொடுத்த சான்றில் காலுக்கு 40 சதவீத ஊனம் என்று இருந்தது. அதை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அவருடைய தொழிலுக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்று பார்க்க வேண்டும். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில், அவர் ஏணி ஏறிச் சாரத்தில் நிற்பது கடினம், தரையில் நின்று பூச்சு வேலை செய்ய முடியும் என்பதை வெளியே கொண்டுவந்தார். தீர்ப்பாயம் வருமான இழப்பை 20 சதவீதமாக எடுத்தது. மாத வருமானம் 15,000. வயது 42 என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 18,750. ஆண்டுக்கு 2,25,000. எத்தனை ஆண்டு வருமானமாகக் கணக்கிடுவது என்பதற்கு அந்த வயதுக்கான பெருக்கல் எண் 14. பெருக்கினால் வரும் 31,50,000ல் 20 சதவீதம் 6,30,000. இதோடு மருத்துவச் செலவு 85,000, வேலைக்குப் போக முடியாத ஆறு மாதத்துக்கு 90,000, வலி வேதனைக்கு 50,000, உடனிருந்தவர், போக்குவரத்து, சத்துணவுக்கு 40,000. ஆக 8,95,000. மனு தாக்கலான நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. 2025 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தபோது வட்டியோடு பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தீர்ப்பில் எங்களைப் பதறவைத்த சொற்கள் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பவை. அதாவது மனுதாரர் முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்கியவருக்கு வாடகை வீடு, தினக்கூலி. அப்பாவுக்குச் சொந்த வீடு. தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு போட்டால் யார் சொத்தின் மேல் வரும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது, ஆனால் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதுவும் போதாதென்றால் தீர்ப்பாயம் ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பி நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு.

மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். முன்கூட்டியே 25,000 ரூபாயோ தீர்ப்புத் தொகையில் பாதியோ, எது குறைவோ அதைக் கட்ட வேண்டும். 2018 தீர்ப்பு எதிரே நிற்கும்போது, வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போது, வக்கீல் அதை ஊக்குவிக்கவில்லை. நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வந்ததும் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டோம். அங்கே மேஜையின் மறுபக்கம் அந்தக் கொத்தனாரை அப்பா முதல்முறையாகப் பார்த்தார். இன்னமும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். அவருக்கும் பணம் சீக்கிரம் வேண்டியிருந்தது, வட்டிக்கு வாங்கித்தான் இரண்டாவது ஆபரேஷன் செய்திருந்தார். 7,50,000க்கு முடிவானது. வாங்கியவர் மனைவியின் நகையை அடகு வைத்து மூன்றரை லட்சம் கொண்டுவந்தார். மீதி நான்கு லட்சம் அப்பாவின் வைப்பு நிதியிலிருந்து போனது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அதன்மேல் அப்பீல் கிடையாது என்பது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

பைக்கின் ஏலத்தில் கிடைத்தது வக்கீல் பீஸில் பாதிக்குக்கூட வராத தொகை.

டெலிவரி லெட்டர் கடைசியில் ஒன்றுக்கு உதவியது. ‘எல்லாப் பொறுப்பும் வாங்கியவரையே சாரும்’ என்ற அந்த வரியை வைத்து, அப்பா கட்டிய நான்கு லட்சத்தை அவரிடம் கேட்கலாம். சிவில் வழக்குப் போடுவதற்குப் பதிலாக, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு மாதம் 5,000 வாங்கிக்கொள்ள அப்பா சம்மதித்தார். இப்போதைக்கு இரண்டு மாதம் பாக்கி.