எழுத்தை ஒட்டியே கொடுத்துவிட்டார்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா பத்துக் குறள் வெண்பாக்களை ஒப்பிக்கிறார். தொடையில் தாளம் தட்டுகிறார், பின்னால் ஜன்னலில் கொடைக்கானல் மூடுபனி. பதிவு அருமை. அகலத் திரைக்கு ஒன்று, சதுரம் ஒன்று, கைப்பேசிக்கு நெடுக்காக ஒன்று என மூன்றாக வெட்டினால் போதும், ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது.

படம் எடுத்த கடைக்காரர் தந்த கோப்பில் பாடல் வரிகள் கீழே அழகாக ஓடின. அதில்தான் வினை. வரிகள் படத்தோடு ஒட்டப்பட்டிருந்தன. 3840×2160 அளவுள்ள அகலப் படத்தில் நெடுக்குச் சட்டத்துக்குக் கிடைப்பது 1215 புள்ளி அகலம்தான், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெட்டிப் பார்த்தால் நான்கு சீர் அடியில் நடுவே ஒன்றரைச் சீர் மட்டும் மிதந்தது.

எழுத்து ஒட்டாத மூலக் கோப்பு வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன். "எடுத்து வைக்கிறேன், வாங்க" என்றார். பஸ் பிடித்து, வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி, வளைவு வளைவாக வத்தலக்குண்டுக்கு இறங்கினேன். பென்டிரைவில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே எழுத்து, அதே கோப்பு, பெயர் மட்டும் புதிது. அங்கேயே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்காதது என் தவறு. நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசியில் மூலம் கிடைத்தது அவருடைய உதவியாளரின் மெமரி கார்டில். நல்ல வேளை, அழித்திருக்கவில்லை.

அடுத்த தலைவலி எங்கே வெட்டுவது என்பது. பெரியப்பாவின் முகம் இடமிருந்து 1200ஆம் புள்ளியருகே இருந்தது. முகத்தை நடுவில் வைத்தால் சட்டம் 1807இல் முடிகிறது. தாளம் தட்டும் கை 1850இல். "என் கை எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சட்டத்தை வலப்பக்கம் தள்ளி 760இல் தொடங்கினேன். முகம் சற்று இடப்புறம் ஒதுங்கியது, கை உள்ளே வந்தது, படமும் இன்னும் நன்றாகவே இருந்தது. சதுரத்தில் இந்தப் பாடே இல்லை.

இப்போது எழுத்து. நெடுக்குப் படத்தில் கீழ்ப்பகுதியைச் செயலி காட்டும் கணக்குப் பெயர், விளக்கம், பொத்தான்கள் மூடிவிடும். கீழே 35 சதவீதம், மேலே 14 சதவீதம் விட்டு எழுதுவது பாதுகாப்பு. 1920இல் 35 சதவீதம் 672. ஆகவே கீழ் ஓரம் 672 என்று கொடுத்தேன். எழுத்தே காணவில்லை! அரை நாள் எழுத்துருவைச் சந்தேகித்தேன். பிறகுதான் புரிந்தது: வரிகளை நேரத்தோடு எழுதி வைக்கும் எஸ்ஆர்டி கோப்பை ஒட்டும்போது, நான் வெட்டப் பயன்படுத்திய ffmpeg என்ற கட்டளைக் கருவி இந்த அளவுகளைப் படப் புள்ளியில் கணக்கிடுவதில்லை, 384×288 என்ற கற்பனைத் திரையில் கணக்கிடுகிறது. 672 என்றால் அந்தத் திரையின் கூரையைத் தாண்டி எழுத்து போய்விடும். 672ஐ 1920ஆல் வகுத்து 288ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 101.

```
ffmpeg -i moolam.mp4 -vf "crop=1214:2160:760:0,scale=1080:1920,subtitles=nedukku.srt:force_style='Fontsize=11,MarginV=101,MarginL=46,MarginR=46'" -c:a copy nedukku.mp4
```

1215 ஒற்றைப்படை என்பதால் 1214. வலப்பக்கப் பொத்தான்களுக்கு 46 விட்டேன், அது படத்தில் ஏறக்குறைய 129 புள்ளி. இடப்பக்கமும் அதே அளவு விடாவிட்டால் வரி ஒருபுறம் சாய்ந்து நிற்கும். வெட்டுதல் முதலில், எழுத்து கடைசியில். வரிசை மாறினால் கடைக்காரர் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். அகலத்துக்கும் சதுரத்துக்கும் நான்கு புறமும் 5 சதவீத ஓரம் விட்டேன், கீழே 15 என்று கொடுத்தால் சரி.

அகலத் திரையில் நான்கு சீர் அடி ஒரே வரியில் அடங்கியது. நெடுக்கில் அடங்காது. தானாக மடங்க விட்டால் எந்தச் சீரில் மடங்கும் என்பது நம் கையில் இல்லை. எனவே நெடுக்குக்கென்று தனி எஸ்ஆர்டி எழுதி, இரண்டு இரண்டு சீராக நானே மடக்கினேன். ஈற்றடியில் இரண்டும் ஒன்றும். ஒரு நேரத்தில் ஓர் அடிதான்; இரண்டடியும் சேர்ந்தால் நான்கு வரியாகித் தாடியை மறைக்கிறது.

பெரியப்பாவின் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கையைப் பார்த்தார், பேசவில்லை. மூன்றாவது வெண்பாவில் நிறுத்தச் சொன்னார். "முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனை. நீ மடக்கியதில் இரண்டு வரியின் தலையிலும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கிறது பார்" என்றார். இடப் பற்றாக்குறையால் மடக்கினேன் என்று நான் சொல்லவில்லை.