சேர் மூட்டின விளக்கும் வெள்ளித்தாளும்

எங்கட பௌதிகவியல் சேர் போன மாசி மாசம் கிளிநொச்சியில செத்துப்போனார் எண்டு வட்ஸ்அப்பில வந்தநேரம் நான் வேலைக்குப் போற பஸ்ஸில இருந்தன். இறங்கவேண்டிய இடத்தில இறங்கேல்ல. மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு சங்கத்தில கேட்டாப்போல எனக்கு எழுத வேற விசயமே இல்லை.

97, மல்லாவி, கொட்டில் வகுப்பு. இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு லாப் எண்டு ஒண்டும் இல்லை எண்டது உங்களுக்குத் தெரியும். அண்டைக்குப் பாடம் பிரிவலு, கிட்டக் கிட்ட இருக்கிற ரண்டு புள்ளியை ரண்டாப் பிரிச்சுக் காட்டிற வலு. சேர் கரும்பலகையில θ = 1.22 λ / D எண்டு எழுதிப்போட்டு, θ பிரிக்கக்கூடிய ஆகச் சின்னக் கோணம், λ ஒளியின்ர அலைநீளம், D துவாரத்தின்ர விட்டம் எண்டார். ஒளி ஒரு துவாரத்தால வரேக்க விளிம்பில வளைஞ்சு பரவிற கோணலாலை ஒரு புள்ளி புள்ளியா விழாது, நடுவில ஒரு வட்டப் பொட்டும் சுத்திவர மங்கல் வளையங்களுமாத்தான் விழும், ஒண்டின்ர நடு மற்றதின்ர முதலாவது இருட்டு வளையத்தில வந்து நிக்கிறதுதான் றேலி எண்ட விஞ்ஞானி சொன்ன எல்லை, அதைவிடக் கிட்ட வந்தா ரண்டும் ஒண்டாத்தான் தெரியும் எண்டார். பிறகு கேட்டார், அப்பிடி ஒண்டாத் தெரிஞ்சா என்ன செய்யலாம்? நான் எழும்பி, உருப்பெருக்கத்தைக் கூட்டலாம் சேர் எண்டன். அவ்வளவு நம்பிக்கையாச் சொன்னன்.

"மங்கலைப் பெருப்பிச்சா பெரிய மங்கல்தான்டா வரும். இங்க வா."

கைவிளக்கைக் கொளுத்தி மேசையில வச்சார். சிகரட் பெட்டி வெள்ளித்தாளில குண்டூசியால ரண்டு ஓட்டை, இடைவெளி 2 மில்லிமீற்றர். அதை விளக்குக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லி என்னை விட்டுட்டார். மற்றாக்கள் எல்லாருக்கும் கொப்பி மட்டையில 1 மில்லிமீற்றர் ஓட்டை போட்டுக் குடுத்து, அதைக் கண்ணோட ஒட்டிவச்சுக்கொண்டு பின்னால பின்னால போகச் சொன்னார். கணக்கை முதலே செய்து போட்டிருந்தவர்: அலைநீளம் 550 நனோமீற்றர், D 1 மில்லிமீற்றர், கோணம் 0.00067 ஆரையன், 2 மில்லிமீற்றரை அதால பிரிச்சா 3 மீற்றர். ஒவ்வொருத்தரா மூண்டு மீற்றருக்குக் கொஞ்சம் முந்தியே "ஒண்டாப்போச்சு சேர்" எண்டு கத்தினாங்கள். விளக்குச் சுவாலை மஞ்சளும் சிவப்புமா இருக்கிறதால அலைநீளம் கூட, அதுதான் முந்திச் சேருது எண்டார். மட்டையை எடுத்துப்போட்டு வெறும் கண்ணால பாத்தா அதே இடத்தில நிண்டே திருப்பி ரண்டு, ஏனெண்டா கண்மணி அந்த ஓட்டையைவிடப் பெரிசு.

முப்பத்தைஞ்சு பேரும் பாத்தாங்கள். நான் மட்டும் பாக்கேல்ல. விரல் சுட சுட தாளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், மணி அடிச்சிட்டுது, சேர் விளக்கை ஊதி நூத்திட்டார், மண்ணெண்ணை விக்கிற விலைக்கு இன்னொருக்கா கொளுத்தச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வரேல்ல. அண்டைக்கு அழுதன்.

இஞ்ச ஸ்காபறோவில பின்வளவில வச்சுப் பாக்க 10 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒண்டு வாங்கினது நாலு வருசத்துக்கு முதல். யாழ் எண்ட விண்மீன் கூட்டத்தில வேகாவுக்குப் பக்கத்தில எப்சிலன் எண்டு ஒண்டு இருக்கு. சின்னத் தொலைகாட்டியில அது ரண்டா நிக்கும், அந்த ரண்டும் ஒவ்வொண்டும் திருப்பி ரண்டு, அதுகளுக்கிடையில கிட்டத்தட்ட 2.3 விகலைதான், ஒரு பாகையை 3600 ஆப் பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு விகலை. என்ர தொலைகாட்டியின்ர முன்பக்கத்துப் பொருளிக்கு 1.22 ஐ 550 நனோமீற்றரால பெருக்கி 10 சென்ரிமீற்றரால பிரிச்சு வாறதை விகலையாக்கினா 1.4. அப்ப பிரியவேணும். ஆனா முதல் ரண்டு மூண்டு இரவு பிரியேல்ல. காத்துத்தான் காரணம் எண்டு எப்பிடித் தெரியும் எண்டா, அந்த விண்மீன் கொதிக்கிற தண்ணிக்குள்ள கிடக்கிறமாதிரி ஆடும், ஒரு கண நேரம் பிரிஞ்சு திருப்பிக் குழம்பும். துவாரம் காணாட்டி அப்பிடியில்லை, ஆடாமல் அமைதியா ஒரு நீட்டுப் பொட்டாவே நிக்கும்.

காத்தடங்கின ஒரு ஆடி மாச இரவு பிரிஞ்சுது. நாலு வெள்ளி. உடன உள்ள ஓடிப்போய் சீரியல் பெட்டி மட்டையில 4 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டிக்கொண்டு வந்து பொருளிக்கு முன்னால மாட்டினன். எல்லை இப்ப 3.5 விகலை. நாலு ரண்டாப்போச்சு. பார்வைத்துண்டை மாத்தி உருப்பெருக்கத்தைக் கூட்டினன், பொட்டு பெருத்துது, பிரியேல்ல. இன்னும் கூட்டினன். இன்னும் பெருத்துது. மட்டையைக் கழட்டினன், நாலு.

சேருக்குப் போன் எடுத்துச் சொல்லவேணும் எண்டு நினைச்சன். நம்பரும் இருந்தது. ஊருக்குப் போகேக்க இதைக் கொண்டுபோய் அவற்ர முத்தத்தில வச்சு அவருக்குக் காட்டவேணும், அவர் தன்ர வாழ்க்கையில ஒரு தொலைகாட்டியைத் தொட்டவரோ எண்டுகூட நான் கேட்டதில்லை. இந்த வருசம் லீவு இல்லை, வாற வருசம் பாப்பம் எண்டு நாலு வருசம் போட்டுது.

அந்த மட்டையைத் தொலைகாட்டிப் பெட்டிக்குள்ளதான் வச்சிருக்கிறன். விளிம்பு கொஞ்சம் மடிஞ்சிட்டுது.