‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று எழுதிய அறிவிப்பு

யாங்கோனில் எங்கள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலுள்ள கிளினிக், ஞாயிறு காலை இலவச உடல்நலப் பரிசோதனை நடத்த முடிவு செய்தது. தமிழ் அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. நம் பிள்ளைகள் பர்மிய எழுத்தில் படித்துக்கொள்வார்கள். அறிவிப்பு பெரியவர்களுக்குத்தான். அதிலும் பாதிப் பேர் காதால் கேட்பவர்கள், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஒருவர் வாசிப்பார்.

முதலில் இப்படி எழுதினேன்: “ஏழை எளியோருக்கு இலவச மருத்துவ முகாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் கண்டறியப்படும். வெறும் வயிற்றில் வரவும்.”

ஒட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டு ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். “ஏழைன்னு போட்டா நான் எப்படிப்பா வர்றது? நாலு பேர் பாப்பாங்களே” என்றார். அந்தச் சொல்லை உடனே எடுத்துவிட்டேன். “விருப்பமுள்ள எல்லாரும் வரலாம்” என்பதே போதும்.

அப்புறம் வெறும் வயிறு. அன்று தண்ணீர்கூடக் குடிக்காமல், பிரஷர் மாத்திரையும் போடாமல் வருவதாக ஆயா சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. டாக்டரிடம் ஓடினேன். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, ஆனால் தண்ணீர் குடிக்கலாம், பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம் என்றார். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள்தான் அவருக்குப் பெரிய கவலை. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயங்கி விழக்கூடும். அவர்கள் சாப்பிட்டுவிட்டே வரட்டும் என்று முடிவு செய்தார். டீக்கடையில் பால் டீ குடித்துவிட்டு ‘ஒன்றும் சாப்பிடவில்லை’ என்பவர்களும் உண்டு, அதனால் டீயையும் பெயர் சொல்லி எழுதச் சொன்னார்.

‘கண்டறியப்படும்’ என்பதையும் அவர் அடித்துவிட்டார். விரலில் குத்திப் பார்க்கும் கருவி அளவைத்தான் காட்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தாலும் நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் உறுதி செய்த பிறகுதான் நோய் என்று சொல்ல முடியும். அந்த லேப் சோதனைக்கும் மாத்திரைக்கும் பணம் உண்டு. ‘இலவசம்’ என்று மட்டும் போட்டிருந்தால் வந்த இடத்தில் ஏமாந்திருப்பார்கள்.

கடைசியில் ஒட்டியது இது:

“விருப்பமுள்ள பெரியவர்கள் எல்லாரும் வரலாம். ஞாயிறு காலை 7 முதல் 10 வரை. ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் கட்டணமின்றிப் பார்க்கப்படும். மேல்பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் உண்டு. முந்தைய இரவு 10 மணிக்குப் பிறகு உணவு, டீ, காபி வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தும் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் மருந்துச் சீட்டைக் கொண்டு வாருங்கள்.”

மறுபடி ஆயாவிடம் வாசித்தேன். “அப்ப நான் மாத்திரையைப் போட்டுட்டு வரலாம்?” என்று கேட்டார். “ஆமாம் ஆயா, தண்ணியோட” என்றேன்.