2 சென்டிமீட்டர் எடுத்தால் உச்சி எவ்வளவு இறங்கும்?

மலைத்தொடர் தண்ணீரில் மரக்கட்டை போல மிதக்கிறது, அதன் பெரும்பகுதி அடியில் வேராக அமிழ்ந்திருக்கிறது என்பார்கள். அதை அளந்தே பார்த்துவிட வேண்டும் என்று வேலூரில் ஒரு மரக்கடையில் கருவேலப் பலகைகள் வாங்கினேன். 30 சென்டிமீட்டர் சதுரம், 2 சென்டிமீட்டர் கனம். பத்துப் பலகை அடுக்கினால் உயரம் 20.

கருவேலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அடர்த்தி. பூமியின் மேலோட்டுப் பாறைக்கு அடர்த்தி சுமார் 2.8; அதற்கு அடியில் இருந்து அதை மிதக்கவிடும் பாறை அடுக்கான கவசத்துக்குச் சுமார் 3.3. விகிதம் 0.85. பலகைகளை எடைபோட்டு, தண்ணீரோடு இதே விகிதத்துக்கு வருபவற்றை மட்டும் பொறுக்கினேன். வார்னிஷ் பூசுவது கட்டாயம். இல்லாவிட்டால் மரம் நீரை உறிஞ்சி நாளுக்கு நாள் தாழும். அகலம் குறைந்தால் அடுக்கு சாய்ந்து படுத்துவிடும்.

தொட்டியில் இறக்கியதும் 17 சென்டிமீட்டர் நீருக்குள், 3 வெளியே. வெளியே தெரிவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் அடியில் இருக்கிறது. வேர் என்பது இதுதான்.

பிறகு மேல் பலகையை எடுத்தேன். 2 சென்டிமீட்டர் போய்விட்டது; உச்சி இறங்கியதோ வெறும் 3 மில்லிமீட்டர்! அடிப்பாகம் 17 மில்லிமீட்டர் மேலே வந்து ஈடுகட்டிவிட்டது. அடுத்த பலகைக்கும் அதே கணக்கு. மழையும் ஆறும் ஒரு மலைத்தொடரில் 1 கிலோமீட்டர் பாறையை அரித்தால் சராசரி உயரம் 150 மீட்டர்தான் குறையும். 3 கிலோமீட்டர் தாழ வேண்டுமானால் 20 கிலோமீட்டர் பாறை போக வேண்டும். மேலோட்டின் ஆழத்தில் உருவாகும் சார்னோகைட் பாறை வட ஆற்காட்டில் வெயிலில் கிடப்பது எப்படி என்ற என் நெடுநாள் கேள்விக்கு இந்த 3 மில்லிமீட்டரில் பதில் கிடைத்தது.

தண்ணீரில் எல்லாம் நொடியில் முடிந்துவிடுகிறது. கவசமோ திடப் பாறை. நெடுங்காலத்தில்தான் மெல்ல நகரும். அதற்காகச் சிறிய கட்டைகளைக் கெட்டியான வெல்லப்பாகில் மிதக்கவிட்டேன். பாகின் அடர்த்தி அதிகம் என்பதால் கட்டை குறைவாகவே அமிழ்ந்தது. மேல் கட்டையை எடுத்ததும் அடிக்கட்டையில் இருந்த பென்சில் கோடு பாகுக்கு மேலே நிதானமாக ஏறி வந்தது. சுவீடன், பின்லாந்து கரையில் நடப்பது இதுவே. அங்கே பனிப்பாளம் உருகி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகியும், போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலூரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு குன்றுக்கும் தனி வேர் இருப்பதாக நினைக்கக் கூடாது. சிறு குன்றின் எடையை மேலோட்டின் விறைப்பே தாங்கிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகன்ற மலைத்தொடருக்குத்தான் மிதப்புக் கணக்கு செல்லும். என் அடுக்கு தனித்தனியே மிதப்பதால் இந்த விறைப்பு அதில் தெரியாது. அடுத்து, பல அடுக்குகளை ரப்பர் ஷீட்டால் இணைத்து, ஒன்றின் சுமையை அக்கம்பக்கத்து அடுக்குகள் எவ்வளவு பங்கிட்டுக்கொள்கின்றன என்று அளக்கப் போகிறேன்.