பரலா, பாலா: ஒரு தமிழ் எழுத்துருவை வரைந்து விற்ற அனுபவம்

டிசைன் படிப்பின் கடைசி ஆண்டுச் செயல்திட்டமாக, புத்தகப் பக்கங்களுக்கான தமிழ் எழுத்துரு ஒன்றை வரைந்தேன். பிறகு அதையே விற்பனைக்கும் வைத்தேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களை எழுதுகிறேன்.

வரைவதைப் பற்றி ஒன்று மட்டும். 247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் ஒரு முறை வரைந்தால் போதும். ஆனால் உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளும் தனி வடிவங்கள். என் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

முதல் மதிப்பீட்டுக்குச் சிறுகதை ஒன்றை அச்சிட்டு எடுத்துப் போனேன். எல்லோரும் தடையில்லாமல் படித்தார்கள். தேர்வாளர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "கதையில முன்னாடி வர்ற வார்த்தையே பின்னாடி வர்றதைச் சொல்லிடும். தனி வார்த்தை கொடுத்துப் பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. தொடர்ந்து படிக்கும்போது கண் பாதியைத்தான் பார்க்கிறது, மீதியை மனம் ஊகித்துவிடுகிறது.

அதனால் ஓரெழுத்து மாறினாலும் பொருள் தரும் சொற்களாகத் தேடினேன். பரல் - பால், கரடு - காடு, தரம் - தாம் ஆகியவை ரகரத்துக்கும் காலுக்கும். எழு - ஏழு, எடு - ஏடு ஆகியவை ஏகாரத்தின் கீழ்க்கோட்டுக்கு. பல் - பல, கல் - கல ஆகியவை புள்ளிக்கு. இவற்றைக் கலைத்துப் போட்டு, 9 பாயிண்டில் சாதாரண லேசர் பிரின்டரில் எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரு நொடி மட்டும் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தவர்கள் 12 பேர், பாதிப்பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். அதில் 7 பேர் 'பரல்' என்பதைப் 'பால்' என்று படித்தார்கள்.

காரணம் என் ரகரத்தின் அடி. அழகுக்காக அதன் சாய்கோட்டை மிகவும் குறுக்கியிருந்தேன். பெரிய அளவில் தெரிந்தது, 9 பாயிண்டில் மையோடு மை சேர்ந்து மறைந்துவிட்டது. ஓலைச்சுவடிகளில் ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருந்தன. அந்தக் குழப்பத்தை நான் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். சாய்கோட்டை அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாக இறக்கி, காலை அடிக்கோட்டிலேயே நிறுத்தினேன். அடுத்த சுற்றுக்குப் புது ஆட்களை அழைத்தேன், ஏனென்றால் பழையவர்களுக்குச் சொற்கள் மனப்பாடம். ஒருவர்தான் தவறினார்.

அப்புறம் உரிமம். நேரம் போதாமல், ஆங்கில எழுத்துகளை மட்டும் SIL Open Font License உள்ள ஓர் எழுத்துருவிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தேன். இலவசம்தானே என்று நினைத்தேன். அந்த உரிமத்தை முழுதாகப் படித்தபோதுதான் புரிந்தது: அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சேர்த்தாலும், வரும் எழுத்துருவை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். எழுத்துருவைத் தனியாக விற்கவும் கூடாது. ஆங்கில எழுத்துகளை அழித்துவிட்டு நானே வரைந்தேன், இரண்டு மாதம் ஆனது. இலவசமாகத் தரும் எண்ணம் இருந்தால் அது மிக நல்ல உரிமம். விற்க நினைத்தால், முதல் நாளே ஒவ்வொரு எழுத்தும் எங்கிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள்.

விற்பனை உரிமத்தை இரண்டாகப் பிரித்தேன். கணினியில் நிறுவிப் பயன்படுத்துவதற்கு எத்தனை கணினி என்பதை வைத்து விலை. இணையதளத்துக்கு மாதப் பார்வைகளை வைத்து விலை. செயலிக்குள் வைக்கக் கேட்பவர்களோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன், அங்கே கோப்பே பயனர் கைக்குப் போய்விடுகிறது. திருட்டைத் தடுப்பதாக எண்ணி, எழுத்துருக் கோப்பில் fsType மதிப்பை 2 என்று வைத்திருந்தேன். அது பிடிஎஃப்பில் பதிப்பதையே தடை செய்யும் மதிப்பு. முதலில் வாங்கிய பதிப்பகத்தால் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப முடியவில்லை. பார்க்கவும் அச்சிடவும் அனுமதிக்கும் 4 என்று மாற்றிப் புதுக் கோப்பு அனுப்பினேன்.

சந்தைத் தளத்தில் ஏற்றியதும் முதலில் 'கெ', 'கொ' தட்டிப் பாருங்கள். நான் ஏற்றிய ஒரு தளத்தின் முன்னோட்டப் பெட்டியில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவில் பிழையில்லை, தளத்துக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. ஆனால் வாங்க வருபவர் என்னைத்தான் சந்தேகிப்பார். அதனால் மாதிரிப் பக்கங்களை நானே படங்களாக்கி முன்னால் வைத்தேன்: ஒரு முழுப் புத்தகப் பக்கம், ஒரு கல்யாணப் பத்திரிகை, 9 பாயிண்டில் ஒரு பத்தி.

வாங்கியவர்களிடமிருந்து அதிகம் வந்த புகாரும் இதே கொம்புதான். இன்டிசைனில் Adobe World-Ready Paragraph Composer தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். இதை விற்பனைப் பக்கத்தின் முதல் வரியிலும், கோப்போடு போகும் குறிப்பிலும் படத்தோடு சேர்த்த பிறகு, பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் எழுதவில்லை.