உச்சந்தலையும் மினாக்சிடிலும்: எட்டு மாத நாட்குறிப்பு

ஜனவரி 7

இன்று முதல் மினாக்சிடில் 5 சதவீதம், முடி வளரத் தலையில் போடும் திரவ மருந்து. உச்சியில் முடி மெலிந்திருப்பது பரம்பரை வழுக்கைதான் என்று தோல் டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கும் இதேதான், அவன் இரண்டு வருடமாகப் போடுகிறான். அளவு காலை 1 மி.லி., இரவு 1 மி.லி. அதிகம் போட்டால் முடி சீக்கிரம் வராது, படபடப்பும் தலைச்சுற்றலும்தான் வரலாம் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அப்படி ஏதாவது வந்தாலோ கால் வீங்கினாலோ நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்.

ஜனவரி 9

இரண்டு நாளும் தப்பாகப் போட்டிருக்கிறேன். எண்ணெய் தேய்ப்பது போல உள்ளங்கையில் ஊற்றித் தடவியதில் பாதி முடியிலும் மீதி கையிலும் போய்விட்டது. மருந்து சேர வேண்டிய இடம் தோல். இன்று தலை நன்றாகக் காய்ந்த பிறகு, கண்ணாடி முன் சீப்பால் வகிடு எடுத்து, ட்ராப்பர் நுனியைத் தோலோடு ஒட்டி சில துளிகள். அடுத்த வகிடு அரை அங்குலம் தள்ளி. நான்கைந்து வகிடுகளில் 1 மி.லி. தீர்ந்தது. விரல் நுனியால் லேசாகப் பரப்பிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். நான்கு மணி நேரத்துக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது. இரவு மருந்தை எட்டு மணிக்கே போட்டுவிடுகிறேன். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக முகத்துக்கு வந்து அங்கே முடி முளைக்கக்கூடும்.

ஜனவரி 29

காலையில் தலையணை உறையில் 23 முடி. குளிக்கும்போது தண்ணீர் போகும் துவாரத்தை முடி அடைத்துக்கொண்டது. நெஞ்சு பதறியது. நிறுத்திவிடலாமா என்று அண்ணனுக்கு போன் போட்டேன். "எனக்கும் மூணாவது வாரம் இப்படித்தான்டா கொட்டுச்சு. விட்டுடாத" என்றான்.

ஜனவரி 31

டாக்டரிடம் போனேன். விழுந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர் முனையில் குண்டூசித் தலையை விடச் சிறிதாய் ஒரு வெள்ளைக் குமிழ். வளர்ச்சி முடிந்து ஓய்வில் இருந்த முடி அது. எப்படியும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக விழுந்திருக்கும். மினாக்சிடில் அந்த வேர்களை ஓய்விலிருந்து எழுப்பி மறுபடி வளரும் கட்டத்துக்குத் தள்ளுவதால், கீழே புது முடி கிளம்பும்போது பழையது இடம் விடுகிறது. மாதக்கணக்கில் பிரிந்து விழ வேண்டியது சில வாரங்களில் மொத்தமாக விழுகிறது. இந்த நேரத்தில் நிறுத்தினால் கொட்டியதுதான் மிச்சம். ஆனால் வட்ட வட்டமாகத் திட்டு விழுந்தாலோ, மூன்று மாதம் தாண்டியும் குறையாவிட்டாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்றார்.

பிப்ரவரி 10

60 மி.லி. பாட்டில், சரியாகப் போட்டிருந்தால் பிப்ரவரி 5 இரவோடு முடிந்திருக்க வேண்டும். இன்னும் கால் பாட்டில் இருக்கிறது. அசதியில் இரவு மருந்தைப் பல நாள் விட்டிருக்கிறேன், அதை எனக்கே தெரியாமல் பாட்டில் கணக்கு வைத்திருக்கிறது. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. இனி பாட்டில் திறக்கும் தேதியை லேபிளில் எழுதுகிறேன்.

மார்ச் 14

கொட்டுவது பத்து நாளாக அடங்கிவிட்டது. ஆனால் அரிப்பு, மாவு மாதிரி செதில். கரைசலில் இருக்கும் ப்ரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அது இல்லாத நுரை வடிவத்துக்கு டாக்டர் மாற்றித் தந்தார். ஒரு வாரத்தில் அரிப்பு போய்விட்டது.

மே 20

உச்சியில் பூனைமுடி! சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது. நிறமில்லாமல், குழந்தைத் தலைமுடி போல.

ஜூன் 22

அண்ணன் வீட்டுக்குப் போனேன். தை மாதம் கல்யாணம் ஆனதும் "அதான் முடி வந்திடுச்சே" என்று பிப்ரவரியில் மருந்தை நிறுத்திவிட்டிருக்கிறான். ஏப்ரல் வரை ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் கொட்ட ஆரம்பித்து, இன்று உச்சியில் தோல் தெரிகிறது. மருந்தால்தான் வழுக்கை அதிகமாகிவிட்டது என்று அண்ணிக்குக் கோபம். அது அப்படியில்லை. பரம்பரை வழுக்கையைக் கொண்டுவரும் ஹார்மோனை மினாக்சிடில் தொடுவதே இல்லை. வேரை வளரும் கட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிடியை விட்டால் மூன்று நான்கு மாதத்தில் அது காப்பாற்றிய முடியெல்லாம் போய்விடும். மருந்தே போடாமல் இருந்திருந்தால் அண்ணன் தலை இன்று எப்படி இருந்திருக்குமோ அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. இரண்டு வருட இழப்பு ஒரே பருவத்தில் நடப்பதால் பார்க்கத் திடீரென்று இருக்கிறது.

செப்டம்பர் 6

குளியலறையில் அதே விளக்கடியில், அதே தூரத்தில் மாதாமாதம் எடுத்த போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பூனைமுடி கறுத்துத் தடித்திருக்கிறது. உச்சியில் தோல் தெரிந்த இடம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. நெற்றி ஓரங்களில் மாற்றமே இல்லை. அண்ணன் நேற்று மறுபடி ஆரம்பித்திருக்கிறான். முதல் சில வாரம் கொட்டும் என்று அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.