தலையணைக் கணக்கு

பிரசவமான வீட்டுக்கு 3, 7, 14ஆம் நாள் என்று கணக்கு வைத்துப் போவது கிராம சுகாதார செவிலியர்களின் வேலை. அந்த வீடு குளச்சலுக்குப் பக்கத்தில், கடற்கரையோரம். பெண்ணுக்கு வயது 31, இரண்டாவது பிரசவம். கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் 150/100 வரை ஏறி, ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். கணவர் ஆழ்கடல் மீன்பிடிக்குப் போயிருந்தார்.

14ஆம் நாள் நான் போனபோது அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை. பகல் பதினோரு மணி. ராத்திரியும் இப்படித்தான் தூங்குகிறாளாம்.

“கீழ படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர், இருமலும் வருது. எழும்பி இருந்தா சரியாவுது” என்றாள். அதற்குள் அவள் அம்மா, “பெத்த பிள்ளைக்கு இளைப்பு இருக்கத்தானே செய்யும் சிஸ்டரே, சளிதான்” என்று ஒரு இருமல் மருந்துக் குப்பியைக் காட்டினார். இரண்டு நாள் முன்னால் ஒரு கிளினிக்கில் வாங்கியது.

அந்த அம்மாவை நான் எப்படிக் குறை சொல்வது? 7ஆம் நாள் வந்தபோது அவள் காலை நான் விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. பிரசவத்துக்குப் பிறகு சாதாரணம்தான் என்று உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். தையல், பால், குழந்தையின் எடை எல்லாம் கேட்ட நான், படுத்துத் தூங்க முடிகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. சாதாரண வீக்கம் நாளுக்கு நாள் வடியும். அவளுக்கோ 14ஆம் நாளில் முழங்கால் வரை ஏறியிருந்தது.

நாடி நிமிடத்துக்கு 118, மூச்சு 30, ஆக்சிஜன் 92. காய்ச்சல் இல்லை. படுத்தால் காலில் தேங்கிய ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். பலவீனமான இதயம் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோர்க்கும். உட்கார்ந்தால் ஆறுதல் கிடைப்பது அதனால்தான். ரத்தசோகையிலும் நிறைமாதத்திலும் படியேறினால் இளைக்கும். ஆனால் படுத்தால் முட்டுவதும், நடு ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருவதும் வேறு. 108ஐ அழைத்தேன்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். இதயம் தன்னுள் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் அளவு 55 சதவீதமாவது இருக்க வேண்டும், அவளுக்கு 28. வால்வில் பழுது இல்லை, முன்பு இதயநோயும் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலோ வேறு காரணம் இல்லாமல் இதயத் தசை இப்படித் தளர்ந்து, இந்த அளவு 45க்குக் கீழே போனால் அதை பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்பார்கள்.

ஆக்சிஜன் வைத்து, ஃப்யூரோசமைடு ஊசி போட்டார்கள். சிறுநீர் போகப் போக இரண்டே நாளில் அவள் ஒரு தலையணைக்கு வந்துவிட்டாள். பிறகு இதயத்தின் சுமையைக் குறைக்க எனலாபிரில், மெட்டோப்ரோலால் மாத்திரைகள். எனலாபிரிலைக் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கலாம். இதயம் இவ்வளவு பலவீனமாக வேலை செய்யும்போது உள்ளே ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் ஹெப்பரின் ஊசியும் போட்டார்கள். வீட்டில் பெரிய பேச்சானது ப்ரோமோகிரிப்டின்தான். பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோனின் உடைந்த ஒரு துண்டு இதயத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது என்ற கருத்தில் அதைத் தருகிறார்கள். எல்லா மருத்துவர்களும் தருவதில்லை. அதைக் குடித்தால் பால் நின்றுவிடும். “பச்சப் பிள்ளைக்குப் பாலை நிறுத்துவாங்களா?” என்று அம்மா அழுதார். கடைசியில் மகளே, “நான் இருந்தாத்தானே அம்மா பிள்ளைக்கு” என்று சொல்லிக் குடித்தாள்.

ஆறு மாதத்தில் எக்கோ 42, ஒரு வருடத்தில் 55. பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு இதயம் திரும்புவதே இல்லை. 55 வந்ததும் அவள் தானாக மாத்திரையை நிறுத்தியிருந்தாள், நான் போய்த் திட்டி மறுபடி ஆரம்பிக்க வைத்தேன். நிறுத்துவதானாலும் மருத்துவர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் மாமியார் ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்றார். இரண்டும் பெண். கணவர் கரைக்கு வந்திருந்த நேரம் பார்த்து இருவரையும் இதய மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: இதயம் முழுதாகத் தேறியவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்தில் இது திரும்பும். தேறாதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மோசமாகும், உயிரும் போகலாம், அவர்களுக்குக் கர்ப்பமே வேண்டாம் என்போம். உங்கள் மனைவி தேறியவர்தான். ஆனாலும் குழந்தைக்கு ஆசைப்பட்டால் முதலில் எனலாபிரிலை நிறுத்தி, எக்கோ நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கருத்தரிக்க வேண்டும். கர்ப்பம் முழுக்கவும், பிரசவத்துக்குப் பிறகு சில மாதமும் எக்கோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் பாதி நாள் கடல்ல கிடப்பேன் டாக்டர், ராத்திரி இவளுக்கு முட்டினா ஆரு பாப்பா?” என்றார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ரத்தம் உறைவதை அதிகமாக்கும் என்பதால் அது வேண்டாம் என்று காப்பர் டி போட்டுக்கொண்டாள். மாமியார் என்னோடு பேசுவதில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் தாயிடம், “ராத்திரி எத்தனை தலையணை வச்சு மக்கா தூங்குற?” என்று கேட்கிறேன்.